அஸ்வெசுமவைக் காட்டி பெயர்ப்பதிவைத் திருடாதே!

தில்லையடியிலும் அதைச் சுற்றியுள்ள தென்னந்தோட்டங்களிலும் இப்போது ஒரு புதிய பேச்சு கிளம்பியிருக்கிறது. வேலை கேட்டு வரும் பெண்களிடம் கொந்தராத்துக்காரர் சொல்கிறார்: "செக்ரோலில் பெயர் போட்டால் உங்கள் அஸ்வெசும வெட்டுப்பட்டுவிடும். ஈ.பி.எப். வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம். நாட்கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். இது உங்கள் நல்லதுக்குத்தான்."

தோழர்களே, சகோதரிகளே, நம்முடைய நல்லதுக்காக இவ்வளவு கவலைப்படும் முதலாளியை நாம் இதுவரை பார்த்ததில்லை. இந்தக் கவலைக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது நாம்தான்.

ஆனால் இந்தப் பேச்சை "பொய்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. வேலைக்குப் போனால் கொடுப்பனவு குறையுமா என்ற கேள்வி நியாயமானது. அடுப்பெரிவது அந்தப் பணத்தில் என்றால் அதைக் கேட்காமல் வேலைக்கு இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. இந்தக் கரையில் வாழும் பலருக்கு 1990க்குப் பிறகு உலருணவு அட்டையில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே வாழ்க்கையின் கேள்வியாக இருந்தது. பெயர் வெட்டுப்படும் பயம் அவர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பயத்தைத்தான் கொந்தராத்துக்காரர் காசாக்குகிறார். பயத்தை விரட்டக் கூச்சல் உதவாது, கணக்குத்தான் உதவும். கணக்கைப் போடுவோம்.

அஸ்வெசும எதைப் பார்க்கிறது?

2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும, பழைய சமுர்த்தியைப் போன்றதல்ல. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அது நடக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு சம்பளச் சீட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் மின்சாரப் பட்டியல், கூரை, சுவர், வாகனம், நிலம், ஆடுமாடு என்று அடுக்கடுக்காகக் கேட்டது இதற்காகத்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கொடுப்பனவு ஒரு ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. ஆகவே மருமகள் வேலைக்குப் போனாலும் மகன் இறால் பண்ணைக்குப் போனாலும் அது ஒரே குடும்பத்தின் கணக்கில் சேரும். இரண்டு, சம்பளம் பல குறிகாட்டிகளுக்கிடையில் வந்து விழும் ஒரு விஷயம். "பெயர் போட்ட அடுத்த மாதமே வெட்டு" என்று கொந்தராத்துக்காரர் சொல்வதுபோல், செக்ரோலுக்கும் அஸ்வெசும பட்டியலுக்கும் இடையில் ஒரே கயிறு கட்டியிருக்கவில்லை. அதேநேரம் "வேலைக்குப் போனால் ஒன்றும் ஆகாது" என்று பக்கத்து வீட்டார் சொல்வதும் சரியல்ல. தகவல் மறுபடி சரிபார்க்கப்படும்போது குடும்பத்தின் நிலை உயர்ந்திருந்தால் பிரிவு மாறலாம், பெயரே போகலாம். தொடங்கும்போதே ஒவ்வொரு பிரிவுக்கும் காலவரை போட்டுத்தான் தொடங்கினார்கள். பட்டியலில் இருப்பவர்மேல் வேறொருவர் ஆட்சேபனை கொடுக்கவும் இடம் உண்டு.

ஆகவே பெயரை மறைத்து வேலை செய்வது பாதுகாப்பு அல்ல. ஊரில் யார் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மறைவதெல்லாம் உங்கள் ஈ.பி.எப். மட்டுமே.

கணக்கு: எத்தனை நாள் வேலை?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வறியவர் பிரிவில் மாதம் 10,000 ரூபாய் அஸ்வெசும வருகிறது. 2025 சனவரியில் 8,500 இலிருந்து உயர்ந்த தொகை இது. மிக வறியவர் பிரிவில் 15,000 ஆக இருந்தது 17,500 ஆனது. அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தென்னந்தோட்டத்தில் தேங்காய் பொறுக்கவும் குவிக்கவும் மட்டை அடுக்கவும் வேலை கிடைக்கிறது. நாட்சம்பளம் 1,200 ரூபாய் என்று வைப்போம். 2026 சனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் அதுதான். அதற்குக் குறைத்துக் கொடுப்பது சட்டவிரோதம்.

1,200 ரூபாயில் ஈ.பி.எப்.க்கு அவரிடம் 8 வீதம் கழியும். அது 96 ரூபாய். பஸ்ஸுக்கும் தேநீருக்கும் நாளுக்கு 150 ரூபாய் போகிறது என்று வைப்போம். கையில் நிற்பது 954 ரூபாய்.

இப்போது மோசமான நிலையையே எண்ணிப் பார்ப்போம். 10,000 ரூபாயும் முழுதாகப் போய்விட்டது. அதை ஈடுகட்ட எத்தனை நாள் வேலை வேண்டும்? 10,000ஐ 954ஆல் வகுத்தால் பத்தரைக்குச் சற்றுக் குறைவு. அதாவது மாதம் 11 நாள். 17,500 வாங்கும் குடும்பமாக இருந்தால் 19 நாள்.

இந்த 11தான் முதலில் கேட்கவேண்டிய எண். நாட்சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். மாதம் 20 நாள் உறுதியாகக் கிடைத்தால் கையில் 19,080 ரூபாய் வரும். அஸ்வெசும முழுதாகப் போனாலும் குடும்பத்துக்கு 9,080 ரூபாய் கூடுதல். 8 நாள்தான் என்றால் கையில் 7,632. அஸ்வெசும போனால் மாதம் 2,368 ரூபாய் நட்டம். வெயிலில் முதுகொடிய நின்று, முன்பைவிட ஏழையாக வீட்டுக்கு வருவது.

தென்னந்தோட்டத்தில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? தேயிலையைப் போல் இங்கே நாள்தோறும் கொழுந்து இல்லை. ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு மாதம் போகிறது. பறிப்பு வாரத்தில் ஓய்வே இல்லை. அது முடிந்தால் கூப்பிட ஆளே இல்லை. கொந்தராத்துக்காரர் பறிப்பு வாரத்தைக் காட்டி ஆள் எடுப்பார். நீங்கள் ஒரு வாரத்தைப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் போன நாலைந்து மாதத்தில் எத்தனை நாள் கிடைத்தது என்று கேட்டு, மாதச் சராசரி எடுங்கள். உப்பளத்துக்கும் இதே கணக்குத்தான். மழை வந்தால் அங்கே வேலை நிற்கும்.

யாருக்கு இலாபம்?

அதே பெண் மாதம் 20 நாள் வேலை செய்தால் சம்பளம் 24,000. ஈ.பி.எப்.க்கு முதலாளி போடவேண்டியது 12 வீதம், 2,880 ரூபாய். ஈ.டி.எப்.க்கு 3 வீதம், 720 ரூபாய். பெயர் பதியாவிட்டால் இந்த 3,600 ரூபாயும் மாதம்தோறும் கொந்தராத்துக்காரரின் சட்டைப்பைக்குள். வருடத்துக்கு 43,200 ரூபாய். பத்துப் பெண்கள் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். "உங்கள் நல்லதுக்கு" என்பதன் அர்த்தம் இதுதான்.

பெயர் பதிந்தால் அந்தப் பெண்ணின் 1,920உம் சேர்ந்து மாதம் 5,520 ரூபாய் அவருடைய பெயரில் சேரும். வருடத்தில் 66,240. அது நிவாரணம் அல்ல. வருமானம் கூடினால் குறைவதும் அல்ல. அது உழைத்த சம்பளத்தின் ஒரு பகுதி. அஸ்வெசும ஒருநாள் எப்படியும் நிற்கும். ஈ.பி.எப். பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் வட்டியோடு கைக்கு வரும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தற்காலிக வேலை, நாட்கூலி, துண்டுக்கூலி என்று பார்ப்பதில்லை. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும், முதல் நாளிலிருந்தே பணம் கட்டவேண்டும். "எனக்கு வேண்டாம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அதைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தால் நிலுவையையும் அதற்கு மேல் தண்டப் பணத்தையும் அறவிட முடியும்.

போகும் கதவும் வரும் கதவும்

கொந்தராத்துக்காரரைத் திட்டிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட முடியாது. பயத்துக்கு விதை போட்டது அங்கேதான்.

மேலே சொன்ன பெண்ணுக்கு 20 நாள் வேலை நான்கு மாதம் கிடைத்தது என்று வையுங்கள். அஸ்வெசும முதல் மாதத்திலேயே நின்றுவிட்டது. நான்கு மாதத்தில் குடும்பத்துக்குக் கூடுதலாக வந்தது 36,320 ரூபாய். ஐந்தாம் மாதம் வேலை நின்றது. அஸ்வெசும உடனே திரும்பி வருமா? முதல் சுற்றுக்கு 2022இல் விண்ணப்பம் எடுத்தார்கள். அடுத்த சுற்றுக்கு 2024இல்தான் எடுத்தார்கள். இடையில் விழுந்தவர்கள் காத்திருந்தார்கள். ஒரு வருடம் காத்திருந்தால் இந்தக் குடும்பம் இழப்பது 120,000 ரூபாய். 36,320 சம்பாதிக்க 120,000 கொடுப்பது என்ன வியாபாரம்?

"இவர்கள் சோம்பேறிகள், அஸ்வெசுமவை வாங்கிக்கொண்டு வேலைக்கு வருவதில்லை" என்று தோட்டத்துரைகள் பேசுகிறார்கள். துரைமாரே, மக்கள் வேலைக்குப் பயப்படவில்லை. வேலை நின்றபின் திறக்காத கதவுக்குப் பயப்படுகிறார்கள். உங்களிடம் 20 நாள் வேலையும் செக்ரோலில் பெயரும் இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே வருவார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோய் அல்ல. பிரித்தானியாவில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு ஒரு கொடுப்பனவு உண்டு. வாரச் சம்பளம் எல்லையை ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வாரக் கொடுப்பனவு முழுதும் இல்லை. சில பவுண்கள் கூடியது தெரியாமல் வருடக்கணக்கில் வாங்கியவர்களிடம் ஆயிரக்கணக்கான பவுண்களைத் திருப்பிக் கேட்டார்கள். 2024இல் இது அங்கே பெரிய அவமானமாக வெடித்தது. 2025 ஏப்ரலில் எல்லையை 151 பவுணிலிருந்து 196 ஆக உயர்த்தினார்கள். அதே நாட்டில் இன்னொரு கொடுப்பனவில், விலக்களித்த தொகைக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் மட்டும் குறைகிறது. முதலாவது குன்றிலிருந்து தள்ளிவிடுவது. இரண்டாவது சரிவில் இறங்குவது. உழைக்கிறவரைத் தண்டிக்காத முறை இரண்டாவதுதான்.

ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒரு தனிக் கேள்வி

ஒரே வீட்டில் பல கொடுப்பனவுகள் வரும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயப்படாதீர்கள். எழுபது கடந்த மாமியாருக்கு வரும் 5,000 ரூபாய் முதியோர் கொடுப்பனவு வேறு. சிறுநீரக நோயாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வரும் 10,000 ரூபாய் வேறு. குடும்பக் கொடுப்பனவு போனால் இவையும் போகுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்கு வாங்கிய பதிலை மற்றதற்குப் பொருத்தாதீர்கள்.

பல்கலைக்கழகம் போகும் மகளின் மகாபொலவில் கணக்கு இன்னொரு விதம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 இலிருந்து 7,500 ஆக்கிய உதவித்தொகை அது. அங்கே பெற்றோரின் வருட வருமானத்தைப் பார்க்கிறார்கள். மாதம் 24,000 என்று சிறிதாகத் தெரிவது வருடத்தில் 288,000. தகப்பனின் வருமானமும் அதோடு சேரும். எந்த வருடத்தின் வருமானம், எல்லை எவ்வளவு என்பதை விண்ணப்ப அறிவித்தலில் படித்துப் பாருங்கள். எல்லைக்குக் கீழே இருந்தால் பயமே வேண்டாம். எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றால், வேலையில் சேரும் மாதத்தை முன்பின் நகர்த்துவதுகூட உதவலாம். ஆனால் உண்மையான வருமானத்தைக் குறைத்து எழுதவேண்டாம். பிறகு தெரியவந்தால் அவமானம் பிள்ளையின் தலையில் விழும்.

எழுத்தில் கேளுங்கள்

பிரதேச செயலகத்தின் மேசைக்கு முன்னால் நின்று "வேலைக்குப் போனால் வெட்டுவீர்களா?" என்று கேட்டால், வாய்ப் பதில்தான் வரும். கேட்டவருக்கும் கையில் ஒன்றும் இல்லை, சொன்னவருக்கும் பொறுப்பு இல்லை. கடிதமாகக் கேளுங்கள். நான்கு கேள்வி போதும். எங்கள் குடும்பம் எந்தப் பிரிவில், எதுவரை இருக்கிறது? நாட்கூலி வருமானம் எந்தக் குறிகாட்டியில் சேர்கிறது? வேலையில் சேர்ந்தால் யாருக்கு, எப்போது அறிவிக்கவேண்டும்? வேலை நின்றால் மறுபடி சேர வழி என்ன?

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. செயலகத்தின் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பம் கொடுத்து, அந்த விதி எழுதப்பட்ட சுற்றறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். "என் நிலைமை என்ன ஆகும்?" என்று கேட்டால் மழுப்பலாம். "சுற்றறிக்கையைத் தா" என்றால் மழுப்ப முடியாது. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லவேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடிதம் எழுதத் தெரியாதவர் சங்கத் தலைவரிடம் வரட்டும். பத்துக் குடும்பம் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது. தனியாகக் கேட்டால் "அவள் வேலைக்குப் போகப் பார்க்கிறாள்" என்று குறித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் இருக்கும். கூட்டாகக் கேட்டால் அந்தத் தயக்கம் இல்லை.

நம் கோரிக்கை

அரசாங்கத்திடம் கேட்பது இவை. பயனாளி குடும்பத்தில் ஒருவர் புதிதாக வேலையில் சேர்ந்தால், வேலை நிலைக்கிறதா என்று தெரியும்வரை குறைந்தது ஆறு மாதம் கொடுப்பனவில் கை வைக்காதே. அதன்பிறகும் ஒரே வெட்டாக வெட்டாமல் படிப்படியாகக் குறை. வேலை நின்றால் அடுத்த சுற்றுவரை காக்க வைக்காமல் அதே பட்டியலில் மறுபடி சேர். பருவ வேலையை நிரந்தர வருமானமாக எழுதாதே.

தோட்டக்காரர்களிடமும் கொந்தராத்துக்காரர்களிடமும் கேட்பது ஒன்றே. அஸ்வெசும எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலுள்ள விஷயம். அதில் உங்களுக்கு ஆலோசகர் வேலை வேண்டாம். உங்கள் வேலை, முதல் நாளே பெயரைப் பதிவது, அடுத்த மாதம் முடியும் முன் ஈ.பி.எப். பணத்தைக் கட்டுவது.

சகோதரிகளே, அடுத்த பறிப்புக்கு ஆள் எடுக்க வரும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். மாதம் எத்தனை நாள்? நாளுக்குக் கையில் எவ்வளவு? பெயர் எப்போது பதிவீர்கள்? முதல் இரண்டையும் வைத்து உங்கள் 11ஐயோ 19ஐயோ போட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு "அஸ்வெசும வெட்டுப்படும்" என்று பதில் வந்தால், எதை வெட்டப் பார்க்கிறார் என்று உங்களுக்கே விளங்கும்.